நாற்பது பக்க ரிப்போர்ட்டை வைத்து வகுப்பைத் தூங்க வைப்பது எப்படி?

வாலாஜாபாத் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். (வாலாஜாபேட்டை அல்ல. அது ராணிப்பேட்டை மாவட்டம். இது காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர். கொரியர்காரர்கள் கவனிக்க.) வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு உங்கள் செமினார். "ஏதாவது ஒரு கம்பெனி பத்தி புரோக்கரேஜ்காரங்க போடற அனலிஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துக்கோங்க. வகுப்புக்குப் புரியற மாதிரி பதினஞ்சு நிமிஷம் பேசணும்" என்று துறைத் தலைவர் மேடம் சொல்லிவிட்டார்.

‘புரியற மாதிரி’ என்பது ஒரு மரியாதைக்குச் சொன்ன சொல். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. மதியம் இரண்டு மணி என்பது டிபன் பாக்ஸ் காலியாகி, மின்விசிறி கடகடவென்று தாலாட்டுப் பாடுகிற நேரம். அறுபது பேருடைய தூக்கம் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கெடுக்காமல் பதினைந்து நிமிடத்தைக் கடத்துவதற்கான வழிகாட்டிதான் இது.

முதலில் கம்பெனி. சாஃப்ட்வேர் கம்பெனியாகத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அங்கே என்ன விற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, கேள்வியும் வராது. ஆனால் உங்கள் குழுவில் ஒருவன் ‘ஐஷர் மோட்டார்ஸ்’ என்று பெயர் கொடுத்துவிட்டான். ராயல் என்ஃபீல்டு புல்லட் தயாரிக்கிற கம்பெனி. இது கொஞ்சம் வில்லங்கம்தான். ஏனென்றால், அந்த வண்டிகள் செய்கிற தொழிற்சாலைகள் உங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய வண்டலூர் – வாலாஜாபாத் சாலையைப் பிடித்துப் போனால் வருகிற ஒரகடத்திலும், அதன் பக்கத்து வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. ஒரகடம் ஆலை 2013-இலும் வல்லம் வடகால் ஆலை 2017-இலும் உற்பத்தியைத் தொடங்கின. வகுப்பில் பாதிப் பேருக்கு அண்ணனோ மாமாவோ அந்தப் பக்கம் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள். தெரிந்த பொருள் என்றால் கேள்வி வரும். அதனால் இன்னும் கவனமாகத் தூங்க வைக்க வேண்டியிருக்கிறது.

பாரம்பரிய முறை இதுதான். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் இருப்பதை முதல் ஸ்லைடில் போடுங்கள். இரண்டாம் பக்கம் இரண்டாம் ஸ்லைடு. நாற்பது பக்கத்துக்கு நாற்பது ஸ்லைடு, நேர்மையான கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ‘அறிமுகம்’, ‘தொழில்துறைக் கண்ணோட்டம்’, ‘நிதிநிலை அலசல்’, ‘மதிப்பீடு’ என்று தலைப்பு வையுங்கள். இந்தத் தலைப்புகளின் சிறப்பு, இவை எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். போன வருஷம் சீனியர் அண்ணன் சிமென்ட் கம்பெனிக்குச் செய்ததில் பெயரை மட்டும் மாற்றினால் போதும். லோகோவை மாற்ற மறந்தாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை.

அட்டவணைகளை மறுபடி தட்டச்சு செய்து கஷ்டப்படாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுங்கள். ஐந்து வருஷத்துக் கணக்கு, இருபத்தைந்து வரி, நூற்றுச் சொச்சம் எண்கள், எறும்பு வரிசை மாதிரி எழுத்து. "பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியாது, சாரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடலாம். மன்னிப்பு கேட்பதற்காகவே ஒரு ஸ்லைடு போடுவது நம் கல்லூரிகளின் பழைய மரபு.

இதுவரை சொன்னதைச் செய்தால் இரண்டு ஐந்துக்கு முதல் தலை சாயும், இரண்டு பத்துக்கு மேடமே கைப்பேசியைப் பார்ப்பார். ஆனால் சில ஆபத்துகள் இருக்கின்றன. வகுப்பை விழிக்க வைத்துவிடக்கூடிய காரியங்கள். அவற்றைத் தெளிவாகத் தெரிந்து வைத்துக்கொண்டால்தான் தவிர்க்க முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் ஆபத்து, கால்குலேட்டர்.

ரிப்போர்ட்டில் ‘முந்தைய ஆண்டோடு ஒப்பீடு’ என்று ஒரு பகுதி வரும். ஐஷரின் 2024–25 நிதியாண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கம்பெனியே அறிவித்த எண்கள் இவை. ராயல் என்ஃபீல்டு விற்ற வண்டிகள் 10,09,900. ஒரே ஆண்டில் பத்து லட்சத்தைத் தாண்டியது அதுதான் முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டு 9,12,732. ஒருங்கிணைந்த வருவாய் 16,536 கோடியிலிருந்து 18,870 கோடி ரூபாயானது. எபிட்டா என்று சொல்கிறார்களே, வட்டி, வரி, தேய்மானம் இதையெல்லாம் கழிப்பதற்கு முன்னால் தொழிலிலிருந்து மட்டும் கிடைத்த லாபம், அது 4,327 கோடியிலிருந்து 4,712 கோடி. எல்லாம் போக மிஞ்சிய நிகர லாபம் 4,001 கோடியிலிருந்து 4,734 கோடி.

இதை நீங்கள் அப்படியே வாசித்துவிட்டுப் போயிருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. கால்குலேட்டரைத் தொட்டீர்களோ, நான்கு சதவீதங்கள் எழுந்து நிற்கும். வண்டி 11 சதவீதம் கூடியிருக்கிறது. வருவாய் 14. தொழில் லாபம் 9. நிகர லாபம் 18. ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு, நான்கு வேகம். இதை ஒரு ஸ்லைடில் நான்கு கம்பமாக, பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் போதும், மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பாள்:

"வித்தது பதினொண்ணு கூடியிருக்கு, லாபம் மட்டும் எப்படிண்ணா பதினெட்டு?"

முடிந்தது கதை. இனி நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில் சொல்ல இறங்கினால் இன்னும் மோசம். கோடிக் கணக்கை வண்டிக் கணக்காக மாற்றிப் பார்க்கத் தோன்றும். 18,870 கோடியை 10,09,900-ஆல் வகுத்தால், ஒரு வண்டிக்குச் சுமார் 1 லட்சத்து 87 ஆயிரம் ரூபாய் வருவாய். முந்தைய ஆண்டு 1 லட்சத்து 81 ஆயிரம். சரி, விலை கூடிய வண்டிகள் அதிகம் விற்றிருக்கின்றன, இல்லையென்றால் விலையை ஏற்றியிருக்கிறார்கள். இப்போது தொழில் லாபத்தையும் அதே மாதிரி வகுத்தால், முந்தைய ஆண்டு வண்டிக்குச் சுமார் 47,400 ரூபாய், இந்த ஆண்டு 46,700-க்குக் கொஞ்சம் கீழே. அதாவது வண்டிக்குக் கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய் அதிகமாக வாங்கியும், தொழிலில் தங்கியது எழுநூறு ரூபாய்க்கு மேல் குறைந்திருக்கிறது. மூலப்பொருள், விளம்பரம், புது மாடல் அறிமுகம் என்று எங்கோ செலவு கூடியிருக்கிறது. எங்கே என்று ரிப்போர்ட்டின் நடுப்பக்கங்களில் தேட வேண்டிவரும். தேடுவது என்றால் படிப்பது.

(இந்த வகுத்தல் தோராயம்தான். வருவாயில் உதிரி பாகங்கள், ஜாக்கெட், ஹெல்மெட் விற்ற காசும் கலந்திருக்கிறது. அதை ஸ்லைடின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் நேர்மை. எழுதாவிட்டால் வல்லம் வடகாலில் வேலை பார்க்கிற அண்ணனுடைய தங்கை பிடித்துவிடுவாள்.)

அப்படியென்றால் நிகர லாபம் 18 சதவீதம் ஏறியது எப்படி? இன்னொரு வினோதத்தையும் கவனியுங்கள். வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழித்த பிறகு வருகிற நிகர லாபம் 4,734 கோடி, கழிப்பதற்கு முன்னால் இருந்த 4,712 கோடியைவிட அதிகம். அரிசி புடைத்த பிறகு எடை கூடினால் யாராவது கேட்காமல் இருப்பார்களா? நடுவில் வேறு எங்கிருந்தோ பணம் உள்ளே வந்திருக்கிறது. அதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று, கம்பெனி கையில் சேர்த்து வைத்திருக்கிற பணத்தை முதலீடு செய்து கிடைக்கிற ‘இதர வருமானம்’. இன்னொன்று, வால்வோவோடு சேர்ந்து நடத்துகிற லாரி, பஸ் கம்பெனி. இந்தக் கூட்டு நிறுவனத்தில் ஐஷருக்கு 54.4 சதவீதப் பங்கு. பாதிக்கு மேல் பங்கு இருந்தாலும் இருவரும் சேர்ந்து கட்டுப்படுத்துகிற கம்பெனி என்பதால், கணக்கு விதிப்படி அதன் விற்பனை ஐஷரின் வருவாயில் சேராது. லாபத்தில் ஐஷரின் பங்கு மட்டும் ஒரே வரியாகக் கீழே வந்து உட்காரும். லாரி வியாபாரத்தின் விற்பனை புல்லட் விற்பனையைவிடப் பெரியது. ஆனாலும் ‘வருவாய் 18,870 கோடி’ என்ற எண்ணில் ஒரு லாரியின் சக்கரம்கூட இல்லை. இதைத் தெரியாமல் "ஐஷரின் வருவாய் லாரி, பைக் இரண்டிலிருந்தும் வருகிறது" என்று ஒரு வட்டப் படம் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்களும் போடலாம். வண்ணமாக இருக்கும்.

ஆக, முழு நிதிநிலைப் பகுதியும் இரண்டு ஸ்லைடில் முடிந்துவிடுகிற அபாயம் இருக்கிறது. ஒன்றில் நான்கு கம்பங்கள், மற்றதில் அந்த இரண்டு வாசல்கள். தலைப்பும் ‘நிதிநிலை அலசல்’ என்று இல்லாமல், ‘வண்டி அதிகம் விற்றது, வண்டிக்கு லாபம் குறைந்தது’ என்று முழு வாக்கியமாக வந்துவிடும். அப்படித் தலைப்பு வைத்தால் ஸ்லைடில் வேறு எதையும் போட இடமிருக்காது, தேவையும் இருக்காது. அறிமுகம் தொடங்கி முடிவு வரை எல்லாத் தலைப்பையும் இப்படி வைத்துவிட்டு, தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் கதை ஓடுகிறதா என்று பார்க்கிற ஒரு கெட்ட பழக்கம் சிலருக்கு உண்டு. ஓடாத இடத்தில் ஸ்லைடு தப்பு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பவர்பாயின்ட்டைத் திறப்பதற்கு முன்னால் நோட்டில் ஏழெட்டு வாக்கியம் எழுதிவிட்டால் இந்தச் சோதனை பத்து நிமிடத்தில் முடிகிறது. நாம் நாற்பது ஸ்லைடு செய்ய இரண்டு ராத்திரி ஆகிறது என்பதை நினைத்தால் இது எவ்வளவு அநியாயம்!

இரண்டாவது ஆபத்து, ரிப்போர்ட் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது. இதைத் தெரிந்துகொண்டுவிட்டால் பிறகு பழைய முறைக்குத் திரும்ப முடியாது, எச்சரித்துவிட்டேன்.

நாற்பது பக்கம் இருக்கிறதே என்று மலைக்கிறோம். ஆனால் ஒரு பங்கு ஆய்வு ரிப்போர்ட்டின் உயிர் ஒரே ஒரு பெருக்கலில் இருக்கிறது. இன்னும் ஓரிரு ஆண்டில் ஒரு பங்குக்கு இவ்வளவு ரூபாய் லாபம் வரும் என்று அனலிஸ்ட் ஊகிக்கிறார். அந்த லாபத்தைப் போல இத்தனை மடங்கு விலை கொடுக்கச் சந்தை தயாராக இருக்கும் என்று இன்னொரு ஊகம். இரண்டையும் பெருக்கினால் ‘இலக்கு விலை’. அந்த மடங்குக்குத்தான் பி.இ. என்று பெயர். இலக்கு விலை இன்றைய விலையைவிட நன்றாக மேலே இருந்தால் ‘வாங்கு’, கிட்டத்தட்ட அதே என்றால் ‘வைத்திரு’, கீழே என்றால் ‘விற்றுவிடு’. மீதி முப்பத்தொன்பது பக்கமும் இந்த இரண்டு ஊகங்களுக்கு வக்காலத்து.

2024–25-இல் ஐஷரின் நிகர லாபத்தைச் சுமார் 27.4 கோடி பங்குகளுக்குப் பங்கிட்டால் பங்குக்குக் கிட்டத்தட்ட 173 ரூபாய் வருகிறது. இது நடந்து முடிந்த கணக்கு. இனி வருவதெல்லாம் நாம் வகுப்புக்காக வைத்துக்கொள்கிற எண்கள், எந்த புரோக்கரேஜும் சொன்னதல்ல. இரண்டு ஆண்டு கழித்துப் பங்குக்கு 200 ரூபாய் லாபம் வரும், மடங்கு 30 என்று ஒரு ரிப்போர்ட் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இலக்கு 6,000 ரூபாய். இன்றைய விலை 5,300 என்றால் 13 சதவீதம் ஏற்றம். முதல் பக்கத்தில் பச்சைப் பெட்டியில் ‘வாங்கு’.

இப்போது லாப ஊகத்தை அப்படியே விட்டுவிட்டு மடங்கை மட்டும் 30-இலிருந்து 27 ஆக்குங்கள். இலக்கு 5,400. ஏற்றம் 2 சதவீதம்கூட இல்லை. பச்சைப் பெட்டி மஞ்சளாகிவிட்டது. கம்பெனியில் ஒன்றும் மாறவில்லை. ஒரு வண்டிகூடக் குறைவாக விற்கவில்லை. ஒருவர் மனதில் இருந்த ‘முப்பது’, ‘இருபத்தேழு’ ஆனது, அவ்வளவுதான். மடங்கை 30-இலேயே வைத்து, லாபத்தை 200-இலிருந்து 190 ஆக்கினால் இலக்கு 5,700. இதை மேலிருந்து கீழே லாபம், இடமிருந்து வலம் மடங்கு என்று மூன்றுக்கு மூன்று கட்டமாகப் போட்டால், ஒன்பதே எண்ணில் ரிப்போர்ட் முழுவதும் தெரிந்துவிடும். எந்தக் கட்டத்தில் ‘வாங்கு’ பிழைக்கிறது, எதில் சாகிறது என்று வகுப்பே கைநீட்டிச் சொல்லும். தூக்கம் சுத்தமாகப் போய்விடும்.

ஐஷர் விஷயத்தில் சில அனலிஸ்ட்டுகள் ஒரே பெருக்கலாகச் செய்யாமல், புல்லட் தொழிலுக்கு ஒரு மடங்கு, லாரித் தொழிலில் உள்ள பங்குக்கு வேறு மடங்கு என்று தனித்தனியாக மதிப்பிட்டுக் கூட்டுவார்கள். மேலே சொன்ன இரண்டு வாசல்களைப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் உடனே புரியும். கையிருப்புப் பணத்தின் வட்டிக்கும் புல்லட் விற்ற லாபத்துக்கும் ஒரே முப்பது மடங்கு கொடுப்பானேன்? வங்கியில் கிடக்கிற நூறு ரூபாயின் மதிப்பு நூறு ரூபாய்தான்.

அந்த 200 ரூபாய் ஊகம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அட்டவணையில் ஆண்டுக்குப் பின்னால் ஒரு ஈ ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். எஸ்டிமேட்டின் முதலெழுத்து. ஈ உட்கார்ந்த பத்தியெல்லாம் இன்னும் நடக்காதது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டும்போது நடந்ததும் நடக்காததும் ஒரே நிறத்தில், ஒரே வரிசையில் நிற்கும். கோடு ஒரே சீராக மேலே ஏறும். அது நம் முறைக்கு மிகவும் உகந்தது. நடந்ததை முழுக்கோடாகவும் ஊகத்தைப் புள்ளிக்கோடாகவும் பிரித்து வரைந்துவிட்டால், ‘இதுவரை ஏறி இறங்கி வந்தது, இனிமேல் மட்டும் எப்படிச் சீராக ஏறும்?’ என்று கடைசி பெஞ்சுக்கும் தோன்றிவிடும்.

ரிப்போர்ட்டின் தேதியைச் சொல்லாமல் விடுவதும் நல்லது. ஏனென்றால் 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. மாறியது. 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு மேல் உள்ளவற்றுக்கு 40 ஆனது. ராயல் என்ஃபீல்டு விற்பதில் பெரும்பங்கு 350 வகை வண்டிகள். அவற்றின் என்ஜின் 349 சி.சி. என்பதால் குறைந்த வரிப் பக்கம் தப்பித்தன, 450-உம் 650-உம் மாட்டிக்கொண்டன. அந்தத் தேதிக்கு முன்னால் எழுதப்பட்ட ரிப்போர்ட்டின் விற்பனை ஊகம், பழைய பஞ்சாங்கத்தை வைத்து முகூர்த்தம் குறித்த மாதிரி. முதல் ஸ்லைடிலேயே தேதி, அன்றைய விலை, இலக்கு விலை, எத்தனை மாதத்துக்குள் என்று நான்கையும் போடுகிறவர்கள் இந்த மாதிரிக் கேள்விகளைத் தாங்களே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள்.

கடைசிப் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பொடி எழுத்தில் இரண்டு மூன்று பக்கம் இருக்கும், எல்லோரும் வெட்டிவிடுவார்கள். செபியின் 2014-ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிமுறைகளின்படி, எழுதியவருக்கோ அவர் குடும்பத்துக்கோ நிறுவனத்துக்கோ அந்தக் கம்பெனியில் நிதி சார்ந்த நலன் இருக்கிறதா, ஒரு சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கிறார்களா, கடந்த பன்னிரண்டு மாதத்தில் அந்தக் கம்பெனியிடமிருந்து வேறு வேலைக்காகப் பணம் வாங்கினார்களா என்றெல்லாம் அங்கேதான் சொல்ல வேண்டும். ‘வாங்கு’ என்றால் எத்தனை சதவீத ஏற்றம் என்ற விளக்கமும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அது புரோக்கரேஜுக்குப் புரோக்கரேஜ் மாறும். ஓரிடத்தில் பத்து சதவீதம் ஏறினாலே ‘வாங்கு’, இன்னோரிடத்தில் பதினைந்து வேண்டும். நம் உதாரணத்தில் வந்த 13 சதவீதம் முதல் இடத்தில் பச்சை, இரண்டாவது இடத்தில் மஞ்சள்.

இந்த இடத்தில் கேலியைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். முக்கியமானதை ஸ்லைடின் அடியில் பொடி எழுத்தில் போடுவதன் விலை என்ன என்பதற்கு ஒரு ஆவணச் சான்று இருக்கிறது. 2003 ஜனவரி 16-இல் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. அது ஆபத்தா என்று ஆராய்ந்த போயிங் பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகளாகவே விளக்கம் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகள் பாதுகாப்பான பக்கமே இருக்கின்றன என்ற தொனியில் ஆறுதல் சொன்னது. உள்ளுக்குள் உள்ளாக அடுக்கிய வரிகளின் கடைசியில், மோதிய துண்டின் அளவு 1,920 கன அங்குலம், சோதனையில் வைத்துப் பார்த்தது 3 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு வித்தியாசம். அதாவது அந்தச் சோதனையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தலைப்பில் வர வேண்டியது அடியில் கிடந்தது. பிப்ரவரி 1-இல் திரும்பி வரும்போது விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். விபத்துக்கு ஸ்லைடு காரணமல்ல. ஆனால் தகவல் வடிவமைப்பு நிபுணர் எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டியதை விசாரணைக் குழு தன் அறிக்கையில் சேர்த்து, பொறியியல் முடிவுகளை ஸ்லைடுகளில் அடைக்கிற பழக்கத்தையே கண்டித்தது.

நம் செமினாரில் உயிர்ச்சேதம் இல்லை. திரும்ப வேலைக்கு வருவோம்.

எல்லா எச்சரிக்கையையும் மீறி யாராவது அந்தப் பெருக்கலை நடுவில் வைத்து ஸ்லைடு செய்தால், அது கிட்டத்தட்ட இப்படித்தான் போகும் என்று ஊகிக்கிறேன். முதலில் இந்த ரிப்போர்ட்டை யார், எப்போது, பங்கு எந்த விலையில் இருந்தபோது எழுதினார்கள், அது என்ன செய்யச் சொல்கிறது என்று ஒரு ஸ்லைடு. உடனே பெருக்கல், 200 பெருக்கல் 30, வேறொன்றும் இல்லாமல். பிறகு 200 எங்கிருந்து வந்தது என்பதற்காக, நடந்த கணக்கின் நான்கு கம்பங்களும் இரண்டு வாசல்களும். அதை ஒட்டி அனலிஸ்ட்டின் விற்பனை ஊகம், புள்ளிக்கோட்டில். அடுத்து 30 எங்கிருந்து வந்தது, கடந்த சில ஆண்டுகளில் சந்தை இந்தப் பங்குக்கு எத்தனை மடங்கு கொடுத்தது என்று ஒரே ஒரு கோட்டுப்படம். அதில் செங்குத்து அளவு பூஜ்யத்திலிருந்து தொடங்காவிட்டால் அதை வாயால் சொல்லிவிட வேண்டும். கம்பப் படத்தில் பூஜ்யத்தை வெட்டவே கூடாது, வெட்டினால் 9-உம் 11-உம் மலையும் மடுவுமாகத் தெரியும். அதன் பிறகு ஒன்பது கட்டம். கடைசியாக, எதெல்லாம் நடந்தால் இந்தக் கணக்கு பொய்க்கும், எழுதியவர் கை எங்கெங்கே இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் எட்டு ஸ்லைடு. பதினைந்து நிமிடத்துக்கு எட்டு போதும், ஒன்பது கட்ட ஸ்லைடு மட்டும் நான்கு நிமிடம் தின்னும்.

தொழில்துறைக் கண்ணோட்டம் எங்கே போயிற்று, கம்பெனி வரலாறு எங்கே, சென்னையில் புல்லட் தயாரிக்க ஆரம்பித்த கதை எங்கே என்று மேடம் கேட்கலாம். நல்ல கதைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது 200-ஐயும் மாற்றவில்லை, 30-ஐயும் மாற்றவில்லை. அதை எடுத்து வைக்க ஒரு இடம் இருக்கிறது. கடைசி ஸ்லைடுக்குப் பின்னால், காட்டாத ஸ்லைடுகளாக. யாராவது கேட்டால் திறக்கலாம். கேட்காவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும்.

இயந்திர சமாச்சாரங்கள் கொஞ்சம். மஞ்சள் எழுத்து வெள்ளைப் பின்னணி, வகுப்பின் மேற்கு ஜன்னல் திறந்திருக்கும் மதியத்தில் கண்ணுக்கே தெரியாது. தூங்க வைக்க இதைவிட மலிவான வழி இல்லை. விழிக்க வைக்க நினைப்பவர்கள் கருப்பு எழுத்தில், 28 புள்ளிக்குக் குறையாமல் வைப்பார்கள். தமிழில் ஸ்லைடு போடுகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். மேடை ஏறிய பிறகு ‘எக்ஸ்’, ‘க்யூ’ என்று வாசிக்க முடியாது. யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். கூடவே ஒரு பி.டி.எஃப். நகலும் எடுத்து வையுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்த வழிகாட்டியை நம்பி நாற்பது ஸ்லைடு செய்துவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. முப்பத்திரண்டைக் காட்டாத பக்கம் தள்ளுங்கள். வியாழக்கிழமை உணவு இடைவேளையில் வகுப்புக்குப் போய், ப்ரொஜெக்டரில் ஒன்பது கட்ட ஸ்லைடை மட்டும் போட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்க இரண்டு மணி வரை நேரம் இருக்கிறது.